மதர்போர்டில் சிவப்பு விளக்கா? ராமை மாற்றக் கடைக்கு ஓடுவதற்கு முன்

புதிதாகப் பூட்டிய கணினியின் பவர் பட்டனை அழுத்தினேன். விசிறிகள் எல்லாம் சுற்றின. மானிட்டர் மட்டும் கறுப்பாகவே இருந்தது. மதர்போர்டின் ஓரத்தில் டிராம் என்ற எழுத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி. டிராம் என்றால் ராம்தானே, அப்படியானால் ராம் பழுது என்று முடிவு கட்டி, இரண்டு ராமையும் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினேன். அதற்கு ஒரு வாரம் ஆனது. புது ராமைப் போட்டபோதும் அதே புள்ளி அதே இடத்தில் எரிந்தது.

பழுது ராமிலேயே இல்லை. எங்கே இருந்தது என்பது 5, 6-ஆம் படிகளில் வரும். வரிசையைத் தாண்டி நேராக அங்கே போகாதீர்கள். முதல் ஐந்து படிகளுக்கும் ஒரு காசு செலவில்லை, சேர்த்துப் பார்த்தாலும் ஒரு மாலைப் பொழுதுதான் ஆகும். ஆறாவது படிக்கு ஒரு குழாய் தெர்மல் பேஸ்ட் வேண்டும், அவ்வளவுதான்.

## 1. விளக்கு எதைச் சொல்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

பவர் வந்ததும், மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸ் ஒவ்வொரு பாகமாகச் சோதித்துக்கொண்டே வரும். முதலில் பிராசசர், அடுத்து ராம், அப்புறம் கிராஃபிக்ஸ், கடைசியாக இயங்குதளம் இருக்கும் டிஸ்க். மதர்போர்டில் இந்த நான்குக்கும் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு சின்ன விளக்குகள் இருக்கும். சோதனை எந்தக் கட்டத்தில் நடக்கிறதோ அந்த விளக்கு எரியும். தேறியதும் அது அணைந்து அடுத்தது எரியும். நல்ல கணினியிலும் பவர் போட்டவுடன் நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக மின்னி மறைவதைப் பார்க்கலாம். ஆகவே விளக்கு எரிவது கோளாறு இல்லை, அணையாமல் நின்றுவிடுவதுதான் கோளாறு.

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்றுவிட்டது என்றால் அந்த நிறுத்தத்தில் கோளாறு என்று யாரும் சொல்ல மாட்டோம். விளக்கும் அப்படித்தான். டிராம் விளக்கு எரிகிறது என்றால் ராம் சோதனை முடியவில்லை என்று மட்டும் பொருள். அந்தச் சோதனை முடிய ராம் குச்சி நன்றாக இருக்க வேண்டும், அது செருகிய ஸ்லாட் நன்றாக இருக்க வேண்டும், ஸ்லாட்டிலிருந்து பிராசசர் வரை ஓடும் கம்பித் தடங்கள் நன்றாக இருக்க வேண்டும், சாக்கெட்டின் பின்கள் பிராசசரைச் சரியாகத் தொட வேண்டும். ராமைக் கட்டுப்படுத்தும் சுற்று இப்போதெல்லாம் பிராசசருக்குள்ளேயே இருப்பதால் அதுவும் நன்றாக இருக்க வேண்டும். இத்தனையில் எது தவறினாலும் எரிவது ஒரே விளக்குதான்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. நின்றுபோன விளக்குக்கு முந்தைய கட்டங்கள் தேறிவிட்டன. விஜிஏ விளக்கில் நிற்கிறது என்றால் பிராசசரும் ராமும் கணினியைக் கிளப்பும் அளவுக்காவது வேலை செய்கின்றன. இதை மனதில் வையுங்கள், பின்னால் பயன்படும்.

விளக்குகள் பெரும்பாலும் 24 பின் பவர் கேபிள் செருகும் இடத்துக்குப் பக்கத்தில், போர்டின் வலது ஓரத்தில் இருக்கும். எம்எஸ்ஐ இதை ஈஸி டீபக் எல்இடி என்கிறது, ஏசஸ் க்யூ-எல்இடி என்கிறது. நிறத்தை நம்ப வேண்டாம். சில போர்டுகளில் நான்குமே சிவப்பு, சிலவற்றில் பிராசசருக்குச் சிவப்பு, ராமுக்கு மஞ்சள், கிராஃபிக்ஸுக்கு வெள்ளை, பூட்டுக்குப் பச்சை. பச்சை எரிகிறது, எல்லாம் நலம் என்று நினைத்து மானிட்டர் கேபிளை ஆட்டிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். விளக்குக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் பெயரைப் படியுங்கள்.

இந்தப் படியிலேயே இன்னொரு வேலை. போனில் வீடியோ மோடைப் போட்டு, பவர் பட்டனை அழுத்தும் நொடியிலிருந்து விளக்குகளைப் படம் பிடியுங்கள். ஒரே விளக்கு அசையாமல் நிற்கிறதா, அல்லது சிபியு, டிராம், மறுபடி சிபியு, டிராம் என்று சுற்றிச் சுற்றி வருகிறதா என்பது கண்ணால் பார்க்கும்போது தப்பிவிடும். சுற்றி வருகிறது என்றால், பயாஸ் தோற்றுத் தோற்று மறுபடி முயல்கிறது என்று பொருள். பின்னால் பாகத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கும்போதும் இந்த வீடியோ உதவும்.

## 2. கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருங்கள்

டிடிஆர்5 ராம் போட்ட புதுக் கணினியை முதல் தடவை கிளப்பும்போது டிராம் விளக்கு நிமிடக்கணக்கில் எரிவது இயல்பு. ஒவ்வொரு ராம் குச்சிக்கும் சமிக்ஞைகளின் நேரத்தைப் பயாஸ் அளந்து பொருத்திக்கொள்கிறது. இதை மெமரி டிரெயினிங் என்பார்கள். ராமின் கொள்ளளவு கூடக்கூட நேரமும் கூடும். ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் போர்டுகளில் இந்தக் காத்திருப்பு நீளமாகவே இருக்கும். நடுவே கணினி தானாக அணைந்து, விசிறி நின்று, மறுபடி கிளம்புவதும் உண்டு. பயப்பட வேண்டாம்.

15 நிமிடம் கொடுங்கள். நிஜமாகவே கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம். பவர் போட்டுவிட்டு விளக்கை வெறித்துக்கொண்டு நிற்கும்போது இரண்டு நிமிடமே பத்து நிமிடம் மாதிரி தெரியும்.

புதியவர்கள் அதிகம் விழும் குழி இதுதான். மூன்றாவது நிமிடத்தில் பொறுமை போய்ப் பவரை நிறுத்துவார்கள், டிரெயினிங் முதலிலிருந்து தொடங்கும். அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று, பயாஸ் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் சீமாஸை அழிப்பார்கள், அதுவரை அளந்து வைத்தது இருந்தாலும் போய்விடும், மறுபடி முதலிலிருந்து. மாலை முழுக்க இப்படியே ஓடும், கணினியில் ஒரு பழுதும் இருக்காது.

ஒருமுறை டிரெயினிங் முடிந்தபின் தினமும் இவ்வளவு நேரம் ஆகக் கூடாது. ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் டிராம் விளக்கில் நின்று நின்று கடைசியில் கிளம்புகிறது என்றால், பயாஸில் `Memory Context Restore` என்ற அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். முன்பு அளந்ததை நினைவில் வைத்துக்கொள்ளும் அமைப்பு அது. அதை இயக்கியபின் கணினி அடிக்கடி நின்றுபோனால் மறுபடி நிறுத்திவிடுங்கள்.

## 3. பவர் கேபிள்களைக் கழற்றி மறுபடி செருகுங்கள்

சுவர் சுவிட்சை அணைத்து, பவர் சப்ளையின் பின்னாலுள்ள சுவிட்சையும் அணைத்து, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றிவிட்டுக் கை வையுங்கள்.

பார்க்க வேண்டியது இரண்டு கேபிள்கள். ஒன்று 24 பின், அதன் கொக்கி டக்கென்று விழ வேண்டும். இன்னொன்று போர்டின் மேல் மூலையில், பிராசசருக்கு அருகே செருகும் 8 பின். இதை மறந்துவிட்டாலும் விசிறிகள் சுற்றும், வண்ண விளக்குகள் ஒளிரும், எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். சிபியு விளக்கு மட்டும் அணையாது.

பிராசசருக்கான 8 பின் கேபிள் நடுவே 4+4 ஆகப் பிரியும், கிராஃபிக்ஸ் கார்டுக்கான 8 பின் 6+2 ஆகப் பிரியும். பார்க்க ஒன்று போல இருந்தாலும் ஒன்றை இன்னொன்றின் இடத்தில் அழுத்திச் செருகக் கூடாது, மின் கம்பிகளின் வரிசையே வேறு. அதைவிட மோசமானது, பழைய பவர் சப்ளையின் கழற்றும் வகைக் கேபிளைப் புதியதில் செருகுவது. கேபிளின் பவர் சப்ளை முனையில் எந்தப் பின்னில் எந்த மின்னழுத்தம் என்பதற்குப் பொது விதி கிடையாது, ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடலுக்குள்ளேயே மாறும். பாகங்கள் எரிந்துபோகும். பவர் சப்ளையோடு பெட்டியில் வந்த கேபிளை மட்டும் பயன்படுத்துங்கள்.

## 4. ராமைச் சரியான ஸ்லாட்டில், சரியாக உட்கார வையுங்கள்

நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பிராசசரிலிருந்து எண்ணினால் வரிசை ஏ1, ஏ2, பி1, பி2. இரண்டு ராம் குச்சிகள் இருந்தால் அவை போக வேண்டியது ஏ2, பி2. அதாவது பிராசசரிலிருந்து இரண்டாவதும் நான்காவதும். முதல் இரண்டில் அடுத்தடுத்து செருகுவதுதான் வழக்கமான தவறு.

அடுத்து, உட்காருவது. பல போர்டுகளில் ஸ்லாட்டின் ஒரு முனையில் மட்டும் கொக்கி திறக்கும், இன்னொரு முனை அசையாது. கொக்கி உள்ள பக்கம் டக்கென்ற சத்தம் வந்ததும் விட்டுவிடுவோம், அசையாத முனை ஒரு மயிரிழை தூக்கிக்கொண்டு நிற்கும். இரண்டு கட்டைவிரலையும் இரண்டு முனையில் வைத்து மாற்றி மாற்றி அழுத்துங்கள். புது போர்டில் கொஞ்சம் பயமாக இருக்கும் அளவுக்கே பலம் வேண்டியிருக்கும். பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால், தங்க நிறப் பட்டை இரு முனையிலும் ஒரே அளவுக்கு மறைந்திருக்க வேண்டும்.

நேற்று வரை ஓடிய கணினி `XMP` அல்லது `EXPO` இயக்கியபின் டிராம் விளக்கில் நின்றால் கதை வேறு. ராமை அதன் அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தில் ஓட்டும் அமைப்பு அது. உங்கள் பிராசசரும் போர்டும் அந்த வேகத்தைத் தாங்கும் என்று உத்தரவாதம் இல்லை, அதுவும் நான்கு குச்சி போட்டிருந்தால். சீமாஸை அழித்தால் ராம் அடிப்படை வேகத்துக்குத் திரும்பும், கணினி கிளம்பும். அழிக்க, மின்சாரத்தை முழுக்கத் துண்டித்துவிட்டு, கையேடு காட்டும் சீமாஸ் அழிப்புப் பின்கள் இரண்டையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் 10 விநாடி தொட்டுப் பிடியுங்கள். அல்லது காசு போல வட்டமாக இருக்கும் சிஆர்2032 பேட்டரியை எடுத்துவிட்டுச் சில நிமிடம் கழித்துப் போடுங்கள். அழித்தபின் மறுபடி 15 நிமிடம் என்பதை மறக்க வேண்டாம்.

## 5. நான்கு சோதனை செய்து எழுதி வையுங்கள்

என்னுடைய ஒரு வாரத்தை விழுங்கியது இந்த இடம்.

என்னிடம் 16 ஜிபி டிடிஆர்5 குச்சிகள் இரண்டு. ஒன்றை எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் போட்டுப் பார்க்கச் சொல்லி எல்லாரும் சொல்வார்கள், நானும் செய்தேன். ஒற்றைக் குச்சி என்றால் ஏ2-இல் போடுங்கள் என்று கையேடு சொல்கிறது. முதல் குச்சியை ஏ2-இல் போட்டேன், 15 நிமிடம், டிராம் விளக்கு. எடுத்துவிட்டு இரண்டாவது குச்சியை அதே ஏ2-இல் போட்டேன், மறுபடியும் டிராம் விளக்கு. இரண்டு குச்சியும் தோற்றுவிட்டன, எனவே ராம் ஜோடியே பழுது என்று நினைத்தேன். ஒரே நேரத்தில் இரண்டு குச்சி பழுதாக வருவது அரிது என்பது அப்போது உறைக்கவில்லை.

சோதனையில் நான் மாற்றியது குச்சியை மட்டும். ஸ்லாட்டை மாற்றவே இல்லை. கையேடு ஏ2 என்றது, நானும் ஏ2-ஐ விட்டு நகரவில்லை.

புது ராமும் தோற்றபின்தான் பி2-இல் போட்டுப் பார்க்கத் தோன்றியது. போட்டேன். ஓரிரு நிமிடத்தில் டிராம் விளக்கு அணைந்து திரையில் பயாஸ் வந்துவிட்டது. இரண்டாவது குச்சியும் பி2-இல் அப்படியே கிளம்பியது. காகிதத்தில் எழுதிப் பார்த்தேன்: முதல் குச்சி ஏ2-இல் தோல்வி, பி2-இல் வெற்றி, இரண்டாவது குச்சி ஏ2-இல் தோல்வி, பி2-இல் வெற்றி. தோல்வி குச்சியோடு போகவில்லை, ஸ்லாட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கையேடு ஏ2 என்று சொல்வது பரிந்துரைதான். பெரும்பாலான போர்டுகள் பி2-இல் ஒற்றைக் குச்சியோடும் கிளம்பும். எனவே நீங்கள் தொடக்கத்திலேயே நான்கு சோதனையையும் செய்துவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் 15 நிமிடம் என்றால் மொத்தம் ஒரு மணி நேரம்.

முடிவைப் படிப்பது சுலபம். ஒரு குச்சி இரண்டு ஸ்லாட்டிலும் தோற்று, இன்னொன்று இரண்டிலும் வென்றால் தோற்ற குச்சி பழுது, இனி யோசிக்க ஒன்றுமில்லை. என்னுடையது போல ஒரு ஸ்லாட்டில் மட்டும் எல்லாக் குச்சியும் தோற்றால், அந்த ஸ்லாட் முதல் பிராசசர் வரையுள்ள பாதையில் எங்கோ தடை. ஏ1-இலும் ஒரு முறை போட்டுப் பாருங்கள். ஏ1, ஏ2 இரண்டும் ஒரே சேனல், அதாவது பிராசசருக்குப் போகும் ஒரே தடத் தொகுதி என்பதால், இரண்டிலும் தோற்றால் ஸ்லாட்டைவிடப் பிராசசர் சாக்கெட்டின் மேல்தான் சந்தேகம் அதிகம். நான்கு சோதனையும் தோற்றால் பயாஸ் பதிப்பு, ராம் பொருத்தம், பிராசசர் உட்கார்ந்திருக்கும் விதம் மூன்றையும் பார்க்க வேண்டும். தனித்தனியாக எல்லாம் வென்று, இரண்டையும் சேர்த்துப் போடும்போது மட்டும் தோற்றால் அது பெரும்பாலும் வேகச் சிக்கல், சீமாஸை அழித்து அடிப்படை வேகத்தில் ஓட்டிப் பாருங்கள்.

## 6. கூலரையும் பிராசசரையும் கழற்றிப் பூட்டுங்கள்

ராம் விளக்குக்காகக் கூலரைக் கழற்றுவதா என்று கேட்பீர்கள். ஆமாம். ராமுக்குப் போகும் தடங்கள் எல்லாம் பிராசசரின் அடியிலுள்ள தொடுபுள்ளிகள் வழியாகத்தான் போகின்றன. நூற்றுக்கணக்கான புள்ளிகளில் ஒன்றிரண்டு சரியாகத் தொடாவிட்டாலும் ஒரு சேனல் முழுக்க ஊமையாகிவிடும்.

நான் கூலரைப் பூட்டியபோது ஒரு மூலைத் திருகை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போயிருந்தேன். கனமான கூலர், ஒரு பக்கம் அழுத்தி மறுபக்கம் தூக்கிக்கொண்டது. கழற்றும்போதே ஒரு திருகு மட்டும் கடினமாக இருந்தது தெரிந்தது.

கழற்றியபின் பிராசசரை எடுத்துச் சாக்கெட்டைப் பாருங்கள். இன்டெலின் எல்ஜிஏ1700, ஏஎம்டியின் ஏஎம்5 இரண்டிலும் பின்கள் சாக்கெட்டில் இருக்கின்றன, மெல்லிய முடி போல. போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து, கேமராவைப் பெரிதாக்கிப் பல பக்கத்திலிருந்து பாருங்கள். நேரான பின்கள் எல்லாம் ஒரே சீராக மின்னும். வளைந்தது அந்த வரிசையில் வேறு மாதிரி மின்னும் அல்லது மின்னவே மின்னாது. விரலால் தொடாதீர்கள், துணியால் துடைக்காதீர்கள். ஒரு நூலிழை மாட்டினால் போதும், நன்றாக இருந்த பின்களும் வளைந்துவிடும். ஏஎம்4 என்றால் பின்கள் பிராசசரின் அடியில் இருக்கும். அதில் கூலரை நேராக இழுக்கக் கூடாது, பேஸ்ட் ஒட்டிக்கொண்டு பிராசசரே சாக்கெட்டிலிருந்து பிடுங்கி வந்துவிடும். மெதுவாக இடதும் வலதுமாகத் திருகி எடுங்கள்.

பின் வளைந்திருந்து, போர்டு இன்னும் திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள் இருந்தால், நிமிர்த்த முயலாதீர்கள். படம் எடுத்துவிட்டு 9-ஆம் படிக்குப் போங்கள். கெடு முடிந்துவிட்டது, வேறு வழியில்லை என்றால் மட்டும் ஊசி முனையால் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்திப் பார்க்கலாம். பின் உடைந்தால் போர்டு போனது என்று தெரிந்தே செய்யுங்கள்.

எனக்குப் பின்கள் எல்லாம் நேராக இருந்தன. பழைய பேஸ்ட்டைத் துடைத்து, பிராசசரை மறுபடி உட்கார வைத்து, புதுப் பேஸ்ட் போட்டேன். இந்த முறை நான்கு திருகையும் முதலில் கையால் பிடிக்கும் அளவுக்கு மட்டும் மாட்டிவிட்டு, எதிரெதிர் மூலையாக அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்கினேன். திருகு தானாக நிற்கும் இடத்தில் நிறுத்தினேன். ஏ2, பி2 இரண்டிலும் ராம். நான்காவது நிமிடத்தில் திரை வந்தது, 32 ஜிபியும் தெரிந்தது. திருப்பிக் கொடுத்த ராமிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

## 7. சிபியு விளக்கு: பயாஸ் பதிப்பைப் பாருங்கள்

8 பின் கேபிள் சரி, பிராசசர் சரியாக உட்கார்ந்திருக்கிறது, அப்படியும் சிபியு விளக்கு நிற்கிறது என்றால் பிராசசர் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். புதுப் பிராசசர் சாகிறது என்பது அபூர்வம். போர்டின் பயாஸ் அந்தப் பிராசசரை அறியாமல் இருப்பதுதான் அடிக்கடி நடப்பது. சாக்கெட் பொருந்துகிறது என்பதால் பயாஸும் பொருந்தும் என்று அர்த்தமில்லை. உதாரணமாக, பி450 போர்டில் ரைசன் 5000 வரிசை உட்காரும், ஆனால் பழைய பயாஸோடு கிளம்பாது.

போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலின் பிராசசர் பட்டியலைத் திறந்தால், எந்தப் பதிப்பிலிருந்து உங்கள் பிராசசர் ஓடும் என்று இருக்கும். போர்டில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்பது சில நேரம் பெட்டியிலோ பயாஸ் சிப்பின் மேல் ஒட்டிய சீட்டிலோ இருக்கும்.

போர்டின் பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இருந்தால் பிராசசர் இல்லாமலேயே பயாஸை மாற்றலாம். யூஎஸ்பியை `FAT32`-ஆக ஃபார்மட் செய்து, பதிவிறக்கிய கோப்பைக் கையேடு சொல்லும் பெயருக்கு மாற்றிப் போட வேண்டும். எம்எஸ்ஐ போர்டு என்றால் `MSI.ROM`, ஜிகாபைட் என்றால் `GIGABYTE.bin`. பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் பட்டனின் விளக்கு கொஞ்ச நேரம் மின்னிவிட்டு நின்றுவிடும், ஒன்றும் நடந்திருக்காது. பின்னாலுள்ள யூஎஸ்பி துளைகளில் அதற்கென்று குறியிட்ட ஒன்றில்தான் செருக வேண்டும். 24 பின், 8 பின் இரண்டும் மாட்டி, பட்டனை அழுத்திவிட்டு விளக்கு மின்னுவது நிற்கும் வரை கை வைக்காமல் இருங்கள். பல நிமிடம் ஆகும், நடுவே மின்சாரம் போகக் கூடாது.

பட்டன் இல்லாத போர்டு என்றால் வாங்கிய கடையில் கேளுங்கள், பழைய பிராசசரை மாட்டி ஏற்றித் தருவார்கள். சில கடைகளில் அதற்குக் கூலி உண்டு, முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

## 8. விஜிஏ, பூட் விளக்குகள்

விஜிஏ விளக்கில் நின்றால் பெரும்பாலும் சின்னக் காரணமாகவே இருக்கும். மானிட்டர் கேபிள் கிராஃபிக்ஸ் கார்டில் இருக்கிறதா, போர்டில் இருக்கிறதா? சில போர்டுகளில் மானிட்டர் அணைந்திருந்தாலோ கேபிள் இல்லாவிட்டாலோகூட இந்த விளக்கு எரியும். கார்டுக்குத் தனிப் பவர் கேபிள் போயிருக்கிறதா? கனமான கார்டு கேபினட்டில் தொங்கி, ஸ்லாட்டின் ஒரு முனையில் விலகியிருக்கிறதா? நீட்டிப்பு ரைசர் கேபிள் போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டுக் கார்டை நேராகப் போர்டில் செருகிப் பாருங்கள்.

பிராசசருக்குள்ளேயே கிராஃபிக்ஸ் இருந்தால் சோதனை இன்னும் எளிது. கார்டைக் கழற்றிவிட்டு மானிட்டரைப் போர்டில் மாட்டுங்கள். படம் வந்தால் சந்தேகம் கார்டு, அதன் பவர், அந்த ஸ்லாட் மூன்றின் மேல் மட்டும். இன்டெலில் எஃப் என்று முடியும் பிராசசர்களில் உள் கிராஃபிக்ஸ் கிடையாது. ரைசன் 5000-இல் ஜி, ஜிஇ, ஜிடி என்று முடிபவற்றில் மட்டும் உண்டு. அது இல்லாத பிராசசரோடு கார்டைக் கழற்றிவிட்டுக் கிளப்பினால் விஜிஏ விளக்கு எரியத்தான் செய்யும். ஆனால் டிராம் விளக்கில் நின்றுகொண்டிருந்த கணினி அப்படி விஜிஏவுக்கு நகர்ந்தால் அது வெற்றி, ராம் தேறிவிட்டது என்று அர்த்தம்.

மிகப் பழைய கார்டு என்றால் ஒரு பொறி. பயாஸின் புது வடிவமான யூஈஎஃப்ஐ அறியாத கார்டுக்கு, பழைய முறையில் கிளப்ப உதவும் `CSM` என்ற அமைப்பு பயாஸில் இயங்க வேண்டும். புதுப் போர்டுகளில் அது நிறுத்தப்பட்டே வருவதால் படம் வராது. வேறு கார்டு ஒன்றை இரவல் வாங்கி மாட்டி, உள்ளே போய் மாற்றலாம்.

பூட் விளக்கு மட்டும் எரிந்தால் நிம்மதியாக உட்காருங்கள். மற்ற மூன்றும் தேறிவிட்டன. விண்டோஸ் இன்னும் ஏற்றாத புதுக் கணினியில் இது எரிவது இயல்பே. `Delete` விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் திறக்கும், அங்கே எஸ்எஸ்டி பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் கழற்றிச் செருகுங்கள். சில போர்டுகளில் ஒரு எம்.2 ஸ்லாட்டைப் பயன்படுத்தினால் ஒன்றிரண்டு சாட்டா துளைகள் வேலை செய்யாது, கையேட்டில் அந்த அட்டவணை இருக்கும். பெயர் தெரிந்தும் கிளம்பவில்லை என்றால் பூட் வரிசையில் `Windows Boot Manager` முதலில் இருக்க வேண்டும். பழைய கணினியிலிருந்து கழற்றிய டிஸ்க் என்றால் அது `MBR` என்ற பழைய பிரிப்பு முறையில் இருக்கலாம், `CSM` இல்லாமல் அதிலிருந்து விண்டோஸ் கிளம்பாது.

## 9. மாற்றிக் கேட்கத் தேவையானவை

திருப்பிக் கொடுக்கும் கெடு கடைக்குக் கடை வேறு, தயாரிப்பாளரின் உத்தரவாதம் தனி. கடையின் கெடு சில நாளில் முடிந்துவிடும் என்பதால், வாங்கிய பாகங்களைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு ஒரு மாதம் கழித்துப் பூட்டாதீர்கள். பில்லில் பாகத்தின் தொடர் எண் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். பெட்டியில் அடைத்து விற்கும் இன்டெல், ஏஎம்டி பிராசசர்களுக்குப் பொதுவாக 3 ஆண்டு உத்தரவாதம். டிரே என்று பெட்டியில்லாமல் விற்பவற்றுக்கு விற்றவர்தான் பொறுப்பு.

மதர்போர்டைப் பொறுத்தவரை ஒரே ஒரு படம் உங்களைக் காப்பாற்றும். பெட்டியைத் திறந்ததும், பிராசசரை வைப்பதற்கு முன், சாக்கெட்டை நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள், பக்கத்தில் தொடர் எண் சீட்டும் தெரியட்டும். வளைந்த பின் பொதுவாக உத்தரவாதத்தில் வராது, நீங்கள் வளைத்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். சாக்கெட்டின் மேல் வந்த பிளாஸ்டிக் மூடியையும் தூக்கி எறியாதீர்கள். அது இல்லாமல் போர்டைத் திருப்பி வாங்க மறுப்பவர்கள் உண்டு, அது இல்லாமல் அனுப்பினால் வழியிலேயே பின் வளையவும் செய்யும்.

கூடவே 1-ஆம் படியில் எடுத்த வீடியோவும், 5-ஆம் படியில் எழுதிய நான்கு முடிவும் இருக்கட்டும். ‘டிராம் விளக்கு எரிகிறது’ என்று மட்டும் சொன்னால் ராமைத்தான் மாற்றித் தருவார்கள், எனக்குத் தந்தது போல. ‘இரண்டு குச்சியும் பி2-இல் ஓடுகின்றன, ஏ2-இல் ஓடவில்லை, கூலரைக் கழற்றிப் பூட்டியும் பார்த்துவிட்டேன்’ என்று சொன்னால் பேச்சு நேராகப் போர்டுக்கும் பிராசசருக்கும் போகும். குச்சிதான் பழுது என்று தெரிந்தால், ஒன்று மட்டும் பழுதானாலும் ஜோடியாக வாங்கியதை ஜோடியாகவே அனுப்புங்கள். பல தயாரிப்பாளர்கள் ஒற்றைக் குச்சியை ஏற்பதில்லை, அந்த நாட்களுக்கு உங்கள் கணினியில் ராமே இருக்காது.